வரவேற்புக் குழாய்

தமிழர் நாகரிகம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தீர்க்க வழியின்றி வைத்திருந்த ஒரு பெருஞ்சிக்கலை, 1958-ஆம் ஆண்டு சாரல் காலத்தில், ஒரே காலைப்பொழுதில் தீர்த்துவைத்தவர் தென்காசி சிவனணைந்தபெருமாள். ஓர் அலுவலகத்தில் ஹெட்கிளார்க். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஆண் குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் விடும் நாள் அது.

சிக்கல் இதுதான். விசேஷ வீட்டுக்கு வருகிறவர்களை ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். மொத்தமாகக் கேட்டால் செல்லாது. ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, முறை சொல்லி, ‘வாங்க மாமா, வாங்க மதினி’ என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். புருஷனைக் கேட்டுவிட்டுப் பெண்டாட்டியை விட்டால் போச்சு. கவனியாமல் இருந்துவிட்டு ‘எப்ப வந்தீக?’ என்று விசாரித்தால் அதைவிட மோசம். வாசலில் ஆண்பிள்ளை கேட்ட பிறகு, உள்ளே வீட்டுப் பெண்பிள்ளை இன்னொரு தரம் கேட்பாள். இதில் ஒன்று தவறினாலும் ‘வான்னு கேக்க நாதியில்லாத வீடு’ என்று பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பேச்சு நிற்கும்.

சாரல் காலத்தில் இது இன்னும் கஷ்டம். குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள் அப்படியே விசேஷத்துக்கும் வந்துவிடுவார்கள். விசேஷத்துக்கு வந்தவர்கள் அப்படியே குளிக்கப் போய்விடுவார்கள். தலை ஈரத்தோடு ஒரே ஆள் இரண்டு தடவை வாசலில் நுழைந்தால் இரண்டு ‘வாங்க’வா, ஒன்றா என்பதற்கு எந்த அரசாணையும் இல்லை.

ஹெட்கிளார்க் யோசித்தார். கடையநல்லூரிலிருந்து மைக் செட்காரர் பரீதை வரவழைத்தார். வாசல் வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் ஏறியது. யார் வருகிறார்கள் என்று தெருப் பையன் ஒருவன் காதில் சொன்னால் போதும், “இன்னார் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்” என்று பரீது முழங்குவார். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு வாசலில் ஆள் நிற்பது ‘இரட்டை வேலை’ என்பதால், வீட்டார் யாரும் வாசலுக்கு வரக் கூடாது என்று உத்தரவும் ஆனது. வந்தவர்களும் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். தங்கள் பெயர் மூன்று தெருவுக்குக் கேட்பது யாருக்குக் கசக்கும்?

அப்போதுதான் ஆய்க்குடியிலிருந்து வடிவம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஹெட்கிளார்க்கின் கூடப்பிறந்த அக்கா. தாயில்லாத அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். குழந்தையின் அத்தை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, இடுப்பில் அரைஞாண் கட்டி, காதில் மூன்று தரம் பெயர் சொல்லுகிற உரிமை அவளுடையது. கையில் வெள்ளி அரைஞாண் வைத்திருந்தாள்.

குழாய் முழங்கியது. “ஆய்க்குடி திருமதி வடிவம்மாள் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.”

வடிவம்மாள் நடைக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். சாரல் அடித்தது. உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி கோமதியம்மாள், மதினி நனைகிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு வார்த்தை கேளுங்கள் என்று புருஷனுக்கு ஆள் மேல் ஆள் விட்டாள். ஹெட்கிளார்க் நல்ல நேரம் போகிறதே என்ற எரிச்சலோடு வாசலுக்கு வந்தார்.

“ஏன் இங்கன நிக்கே? மைக்கில சொன்னது காதுல விழலையா?”

“விழுந்துது. குழாய்தான் கூப்பிட்டுது. அப்போ குழாயே உள்ள போயி பேரு விடட்டும்.”

“காலம் மாறுதுக்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரி மரியாதை.”

வடிவம்மாள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். “ஏலே பெருமாளு, இழவு வீட்லதான் வந்தவள வான்னு கேக்க மாட்டாவ. இங்கன என்னலே செத்துட்டு?”

அவருக்குச் சுருக்கென்றது. ‘வாக்கா’ என்கிற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பந்தலில் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்காகத் திட்டத்தைத் தளர்த்தினால் திட்டத்தின் கதி என்ன? பரீதைப் பார்த்துக் கையசைத்தார். இந்தத் தடவை ‘பாசத்திற்கும் பெருமதிப்பிற்கும் உரிய’ என்ற அடைமொழியையும் சேர்க்கச் சொன்னார்.

பரீது தயங்கினார். “அண்ணாச்சி, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா...”

“சொன்னதைச் செய்யும்.”

குழாய் அடைமொழியோடு முழங்கி முடிக்கும் வரை வடிவம்மாள் பொறுமையாக நின்றாள். பிறகு அரைஞாணைப் பரீதின் கையில் கொடுத்துப் பிள்ளைக்குக் கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். போகிறவளை ‘போயிட்டு வா’ என்றும் ஒருவரும் சொல்லவில்லை. “வருகை தந்து சிறப்பித்தமைக்கு நன்றி” என்றது குழாய்.

விழா குறித்த நேரத்தில் நடந்தது. அத்தை இல்லாத குறை தெரியாமலிருக்க, ஹெட்கிளார்க் மைக்கையே தொட்டிலுக்குள் நீட்டி, ‘குற்றாலிங்கம்’ என்று தாமே மூன்று தரம் அறிவித்தார். காதோரம் இடி இறங்கியதில் பிள்ளை வீறிட்டது. அந்த அழுகை குழாய் வழியே தெருத்தெருவாகப் போய், பஸ்ஸுக்காக நனைந்துகொண்டு நின்ற வடிவம்மாளுக்கும் கேட்டது.

அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து அவளைக் கூப்பிட்ட மனுஷ வாய் அது ஒன்றுதான்.