ஹெல்பர் வேலை

பட்டமளிப்பு விழாவில் பாதிப் பேச்சில் இருந்தபோதுதான், முன்வரிசையில் சர்டிபிகேட் வாங்க உட்கார்ந்திருந்த தன் மகன் சுஹாஸ் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தார் பிரின்சிபால் சென்னவீரப்பா. ஹுப்பள்ளி ஐ.டி.ஐ.யில் வருஷா வருஷம் பேசும் அதே பேச்சு. இதுவரை கொட்டாவிதான் வந்திருக்கிறது, கண்ணீர் வந்ததில்லை.

"வேலைக்குப் போன முதல் நாளே சர்டிபிகேட்டைக் காட்டி மிதப்பு காட்டாதீங்க! சீனியர் இரும்புத் துருவலைக் கூட்டச் சொன்னா கூட்டுங்க. கையால அள்ளாதீங்க, கிழிச்சிடும், பிரஷ்ஷை எடுங்க. தெரியாத மிஷின்ல கை வைக்காம அவர்கிட்ட கேளுங்க!"

சுஹாஸ் எழுந்தே விட்டான்.

"அப்பாஜி, எனக்கு சூப்பர்வைசர் வேலை வேண்டாம். ஹெல்பராவே சேர்றேன்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சென்னவீரப்பா அவசரமாகக் கையமர்த்தினார். மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பம்ப் கம்பெனி முதலாளி பாட்டீலின் வீட்டுக்கு நடையாய் நடந்து பேசி முடித்த வேலையாயிற்றே அது!

"பணிவுங்கிறது மனசுல இருந்தா போதும்" என்று சமாளித்தார். "நாற்காலில உக்காந்துக்கிட்டும் பணிவா இருக்கலாம்."

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் பாட்டீலின் காதருகே குனிந்தார். "சின்னப் பையன், ஏதோ வேகத்துல சொல்லிட்டான்..."

பாட்டீலும் அழுதுகொண்டிருந்தார்! "என்ன வளர்ப்பு சார்! சூப்பர்வைசர் பேச்சே வேண்டாம். இன்னிக்கே ஹெல்பரா சேர்த்துக்கிறேன்."

அடப்பாவமே! கடைசி வழியாக, ஆளெடுக்க முதலாளியோடு வந்திருந்த ஃபோர்மேன் ஹனுமந்தப்பாவைத் தனியே இழுத்துப்போனார்.

"எப்படியாவது ஹெல்பர் வேலை இவனுக்கு இல்லாம பண்ணிடுங்க அண்ணா."

"நான் எதுக்குங்க பண்ணணும்? வழக்கமா வைக்கிற பரீட்சையை வைக்கிறேன்."

ஒர்க்ஷாப்பில் சுஹாஸிடம் ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்தார்கள். அவன் துண்டை வைஸின் பிடிக்குள் ஆழமாக இறக்காமல் உச்சியில் நீட்டி மாட்டினான். அரம் கிறீச்சிட்டது. முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டிய அரத்தை, பின்னால் இழுக்கும்போதும் அழுத்தித் தேய்த்தான். ஹனுமந்தப்பா மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தது.

"நடுவுல மேடு, ஓரமெல்லாம் பள்ளம். இவர் நமக்கு ஆகாதுங்க யஜமான்."

"எங்க இன்ஸ்டிடியூட்லயே முதல் மார்க் வாங்கினவன்யா!" என்று அலறிவிட்டு, எதற்காக அலறுகிறோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார் சென்னவீரப்பா. மானம் போனாலும் காரியம் நடந்துவிட்டதே!

"அப்போ..." என்று மெல்ல இழுத்தார், "பழைய சூப்பர்வைசர் வேலை?"

பாட்டீல் குழப்பமாக ஃபோர்மேனைப் பார்த்தார்.

ஹனுமந்தப்பா மூலைமட்டத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"அதுக்கு என்னங்க தடை? தாராளமா குடுங்க. சூப்பர்வைசருக்கு அப்பா இருந்தா போதும், ஹெல்பருக்குத்தான் வேலை தெரியணும். நம்ம கம்பெனில இதுவரைக்கும் அப்படித்தானே எடுத்திருக்கோம்?"