சீவிய இடுப்பு

நெகட்டிவில் கை வைத்ததை வெளியில் சொல்வதில்லை. கிளிநொச்சியில் ஸ்டூடியோ தொடங்கி, வாசலில் என் படத்தை மாட்டிய அன்று நான் எடுத்த தீர்மானம் அது. எண்பத்தோராம் ஆண்டு வரை காப்பாற்றினேன்.

அந்த வருடம் தவராசாவின் புடவைக் கடைக்கு விளம்பரக் கலண்டர். படத்துக்கு நின்றது என் மனைவி கமலாசனியின் தங்கை பத்மாசனி. கறுப்புத் துணிக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் நிறுத்தி எடுத்தேன். நெகட்டிவில் வெள்ளைச் சேலை கறுப்பாக இருக்கும். இடுப்போரத்தைக் கத்தியால் மெல்லச் சீவினேன். சீவிய இடம் படத்தில் கறுத்து, பின்துணியோடு கலந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த கோடுகளைப் பென்சிலால் நிரப்பினேன். அவை வெளுத்து மறைந்தன. வட்டக்கச்சி வயல் அரிசியில் வளர்ந்த இடுப்பு ஒரு பிடிக்குள் வந்தது. கலண்டர் அச்சுக்குப் போக முன்னமே தவராசா படத்தைப் பெருப்பித்துக் கடையில் மாட்டிவிட்டார்.

ஒரு கிழமைக்குள் பத்மாசனி சோற்றை விட்டாள்.

"இஞ்சாருங்கோ, அவள் வெறும் தேத்தண்ணியோட கிடக்கிறாள்," என்றாள் கமலாசனி.

"ஏனாம்?"

"கடையில ஒரு மனுசி படத்தையும் அவளையும் மாறிமாறிப் பாத்திட்டு, 'உடம்பு வைச்சிட்டீர்' எண்டவாவாம்."

"அவள் உடம்பு வைக்கேல்லையே."

"அது உங்களுக்கும் உங்கட கத்திக்கும் தெரியும்."

"அப்ப சொல்லிவிடும்."

"சொன்னனான். படம் பொய் சொல்லாதாம். சேலை வாங்க வாற பெட்டையளும் அந்த இடுப்புக்குத்தான் பட்டினி கிடக்கினம். கலண்டரில எழுதுங்கோ, சீவினதெண்டு."

"எழுதினா அடுத்த வருசம் தவராசா என்னட்டை வருவாரோ?"

"அப்ப இண்டைக்கு இருந்து உங்களுக்கும் தேத்தண்ணிதான்."

இரண்டு நாள் தாங்கினேன். அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் பசிதான் முந்திக்கொண்டது.

மூன்றாம் நாள் எனக்கு மூளை வேலை செய்தது. எழுதினால் போதும், ஆட்கள் வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னது? 'இப்படத்தில் இடுப்பு கத்தியால் சீவப்பட்டது. இந்த வரியைக் கடைசி ஓரத்தில், உங்களிடம் உள்ள ஆகச் சிறிய எழுத்தில் போடவும்' என்று அச்சகத்துக்கு எழுதினேன். கமலாசனி வாசித்துவிட்டு, தானே தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டாள். அன்று மீன்குழம்பு.

மார்கழியில் கலண்டர் வந்தது. கடைக்குப் போனேன். சுவரில் மாட்டிய கலண்டருக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நெகட்டிவ் திருத்த நான் வைத்திருந்த பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி, கலண்டருக்குப் பக்கத்தில் நூலில் தொங்கியது. பக்கத்தில் கமலாசனி நின்றாள். முதலில் பத்மாசனி குனிந்து வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, வீட்டில சோறு கிடக்கோ?"

எனக்கு உண்மையில் ஆறுதலாக இருந்தது. வரிசையின் நீளத்தைக் கண்ட தவராசாவும் புதுச் சேலைகளை எடுத்து விரிக்கத் தொடங்கினார். ஆனால் வாசித்து நிமிர்ந்த ஒவ்வொருத்தியும் திரும்பி என் தலையைப் பார்த்தாள். நானும் குனிந்தேன். என் வரிக்குக் கீழே, அதே சின்ன எழுத்தில், நான் எழுதாத இன்னொரு வரி இருந்தது:

'ஸ்டூடியோ வாசலில் உள்ள முதலாளியின் படத்தில் தலைமயிர் தூரிகையால் வரையப்பட்டது.'