நாலுக்கு மேல் போடாதவர்

நட்சத்திரக் கஞ்சர் என்று ஒரு ஜாதி மனிதர் உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. காசு விஷயத்தில் அவர் தாராளமானவராகக்கூட இருப்பார். கல்யாண வீட்டில் மொய் எழுதக் கை கூசாது. கேட்டவருக்குக் கேட்ட அறிவுரையும் கேட்காதவருக்குக் கேட்காத அறிவுரையும் வாரி வழங்குவார். ஆனால் வாடகைக் காரை விட்டு இறங்கியதும் போனில் ஐந்து நட்சத்திரம் வரிசையாக வந்து நிற்குமே, அதில் ஐந்தாவதைத் தொடச் சொன்னால் மட்டும் விரல் வராது. என்னமோ அந்த ஐந்தாவது நட்சத்திரம் அவருடைய தாத்தா சம்பாதித்து வைத்துவிட்டுப் போன சொத்து.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், இந்த இனத்தில் முதல் வரிசை. விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தைக் காலியாக விட்டதற்காக எத்தனையோ பேரைத் திரும்பி வரச் செய்தவர். அதில் இரண்டு பேருடைய தந்தைக்குத் தொழிலே இல்லை.

"அஞ்சுன்னா குறையே இல்லன்னு அர்த்தம் மாப்பிள்ளை. குறையே இல்லாத மனுஷன் எங்க இருக்கான்? நாலுங்கிறது எண்பது பர்சென்ட். நம்ம வீட்டுல யாரு எண்பது வாங்கினோம்?"

அவர் வாங்கியது நாற்பத்திரண்டு. அது இருக்கட்டும்.

சாப்பாடு வரவழைத்தால் போனில் இரண்டு கேள்வி தனித்தனியாக வரும்: உணவு எப்படி, கொண்டுவந்தவர் எப்படி. மச்சானுக்கு இரண்டும் ஒன்றுதான். சூப்பில் உப்பு தூக்கலாக இருந்தால், கொட்டுகிற மழையில் மூன்றாவது மாடி ஏறி அதைச் சிந்தாமல் கொண்டுவந்தவருக்கு மூன்று. "அவரா மச்சான் உப்பு போட்டாரு?" என்று கேட்டால், "கொண்டு வர்றவனுக்குப் பொறுப்பு வேண்டாமா?" என்பார். வாசலில் காவலாளி நிறுத்திவைத்த பத்து நிமிடமும், சிக்னலில் போன நேரமும் ஓட்டுகிறவர் கணக்கில்தான் விழும். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் நேர்மை.

போன வாரம் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். என் போனில்தான் கார் பிடித்தேன். ஓட்டி வந்தவர் தங்கமான மனிதர். குளிர்சாதனம் போதுமா என்று கேட்டார். பள்ளம் வந்தால், தூங்குகிற குழந்தையை மடியில் வைத்திருப்பவர் மாதிரி ஏற்றி இறக்கினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மச்சான் சும்மா வருவாரா? விசாரணையை ஆரம்பித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப்?"

"பதிமூணு, பதினாலு சார். இன்னைக்கு வாரத்தோட கடைசி நாள். சாயங்காலத்துக்குள்ள இன்னும் எட்டு முடிச்சிட்டா ஊக்கத்தொகை வந்துரும். பொண்ணுக்கு ஸ்கூல்ல கட்ட வேண்டியது அதை நம்பித்தான் இருக்கு. ரேட்டிங்கும் நாலு புள்ளி ஏழுக்கு மேல இருக்கணும் சார். அதுக்குக் கீழ போனா எட்டு முடிச்சாலும் தர மாட்டாங்க."

"உங்களுக்கு எவ்வளவு?"

"நாலு புள்ளி ஏழு ரெண்டு."

மச்சான் திருப்தியாகத் தலையாட்டினார். நல்ல மாணவன் என்று நினைத்திருப்பார். நாலுக்கு மேல் ஒருவருக்கு எப்படிக் கிடைக்கும் என்றால், நிறையப் பேர் ஐந்து போட்டால்தான் கிடைக்கும் என்பதும், அந்தச் சராசரிக்கு இவருடைய நாலு ஒரு பளு என்பதும் முப்பத்தொரு வருடம் விண்ணப்பம் சரிபார்த்தவருக்குத் தோன்றவே இல்லை.

இறங்கியதும், "போனைக் கொடுங்க மாப்பிள்ளை, நான் போடுறேன். அருமையா ஓட்டினார்" என்றார். நாலைத் தொட்டார். நாலைத் தொட்டால் அது சும்மா விடுமா? 'எதில் குறை?' என்று கேட்டுக் கீழே ஒரு பட்டியலை விரித்தது. வண்டியின் சுத்தம், பேச்சு, வழி, ஓட்டிய விதம்.

"குறைதான் ஒண்ணும் இல்லையே. அப்படியே மூடிருங்க மச்சான்."

"கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாம விடுறதா? காலியா விட்டா அது செல்லாது."

சுத்தத்தைச் சொல்ல மனசாட்சி இடம் தரவில்லை. பேச்சில் பழுதில்லை. வழியும் சரி. "பாலத்துல கொஞ்சம் மெதுவாப் போனாரு" என்று சொல்லி, 'ஓட்டிய விதம்' என்பதைத் தொட்டு அனுப்பிவிட்டார். முகத்தில் ஒரு ஃபைலை முடித்த நிம்மதி. நான் தடுத்திருக்கலாம். வரிசைச் சீட்டு வாங்க ஓடிக்கொண்டிருந்தேன்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பரிசோதித்து, ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால், அதே கார் அதே இடத்தில் நிற்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ட்ரிப் போகலையா?" என்றேன்.

"ஐடியை நிறுத்தி வச்சிட்டாங்க சார். நான் ஓட்டினது சரியில்லன்னு யாரோ புகார் குடுத்திருக்காங்க. அது பாதுகாப்புக் கணக்குல வருமாம். விசாரிச்சு முடிக்க ரெண்டு நாள் ஆகும்னு மெசேஜ் வந்திருக்கு."

"யாருன்னு தெரியுமா?"

"காட்ட மாட்டாங்க சார். காலையில ஒருத்தரை வண்டியில சிகரெட் பிடிக்காதீங்கன்னு சொன்னேன். அவராத்தான் இருக்கும். உங்களை மாதிரி பெரியவங்க அப்படிச் செய்வீங்களா?"

மச்சான் தொண்டையைச் செருமினார்.

"எத்தனை போட்டாரோ? நாலு போட்டிருந்தா நல்ல எண்ணத்துலதானே போட்டிருக்கணும்?"

"ஒண்ணு போடுறவருக்குக்கூட நான் பயப்பட மாட்டேன் சார். அவரு கோவத்துல போடுறாருன்னு கம்பெனிக்கே தெரியும், கேட்டா சில நேரம் அதை எடுத்துருவாங்க. நாலு போடுறவரு நிதானமா யோசிச்சுப் போடுறாரு. அதைக் கம்பெனி நம்பிரும்."

நான் சற்றுத் தள்ளிப் போய் நாலை ஐந்தாக மாற்றினேன். மாறியது. புகாரைத் திரும்பப் பெற வழியில்லை. உதவிப் பகுதியில் எழுதினேன். எந்திரம் ஒன்று என் அக்கறைக்கு நன்றி தெரிவித்து, பயணியின் பாதுகாப்பே முக்கியம் என்றது. தன் சேவைக்கு மதிப்பெண்ணும் கேட்டது. ஐந்து போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். புகார் என் பெயரில் இருந்தது.

ஓட்டுநரிடம் உண்மையைச் சொன்னேனா? இல்லை. வேறு கார் பிடித்தேன். மருந்து போட்ட கண்ணோடு தடுமாறிய மச்சானை அந்த மனிதரே கைபிடித்து அழைத்துப் போய், தலை இடிக்காமல் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

வழியெல்லாம் மச்சான் பேசவில்லை. ஆள் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் கையை நீட்டினார்.

"போனைக் கொடுங்க. இவனுக்கு மூணு."

"இவரு என்ன மச்சான் செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யலை. ஆனா அந்தத் தம்பி அளவுக்கு ஓட்டலையே. அவருக்கே நாலுதான் போட்டிருக்கோம். நியாயம்னு ஒண்ணு வேண்டாமா?"

இதைப் படித்து நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். நீங்கள் கடைசியாக ஒருவருக்கு நாலு போட்டீர்களே, மறந்துவிட்டீர்களா? நல்ல மனிதர்தான், ஏதோ ஒரு சின்னக் குறை, என்னவென்று இப்போது உங்களுக்கு ஞாபகம்கூட இல்லை. அவரும் இந்நேரம் எங்கேயோ வண்டிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, சிகரெட் பிடித்த எவனோ ஒருவனைத் திட்டிக்கொண்டிருப்பார்.