ஓட்டை உள்ள படம், அவசியம் பார்க்கலாம்

இராயபுரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தங்கை மலர்க்கொடிக்கு, அண்ணன் நீலமேகம் எழுதுவது. இங்கே நானும் என் கண்ணாடியும் நலம். அத்திப்பட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நேற்று இரவு முதல் நீ போனை எடுக்கவில்லை. அதனால் என்ன, எனக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே! அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் உனக்குத்தான். ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது, பொறுமையாகப் படி.

உன் மகன் செங்குட்டுவன் இயக்கிய ‘ஏழாம் நம்பர் கேட்டு’ படத்தை வெள்ளிக்கிழமை பகல் காட்சி பார்த்தேன். தியேட்டரில் பதினோரு பேர். சனி, ஞாயிறு கூட்டம் வராவிட்டால் திங்கட்கிழமையே தூக்கிவிடுவார்களாம். பையன் முகம் செத்துப்போயிருந்தது. நம் பகுதியில் பாதிப் பேர் நான் சொன்னால்தான் டிக்கெட் எடுப்பார்கள் என்பது உனக்கே தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து என் விமர்சனம் ஒரே சொல்தான்: தேறும், தேறாது. இந்த முறை படிப்பகப் பலகையில் எழுதியே காட்டுவது என்று இறங்கினேன். எங்கள் முதியோர் வகுப்பு டீச்சர் நவ்ரீன், நடிப்பு, கதை, இயக்கம் மூன்றையும் பிரித்து எழுதுங்கள், ஒருவர் பழியை இன்னொருவர் தலையில் போடாதீர்கள், முடிவாகப் பார்க்கலாமா வேண்டாமா என்று சொல்லுங்கள் என்றார்.

பிரிப்பது லேசான வேலை இல்லை தங்கச்சி. படத்தில், துறைமுக விபத்தில் அப்பா இறந்த செய்தி வந்ததும் கதாநாயகிப் பெண் அழவில்லை, முதலில் அடுப்பை அணைக்கிறாள். அணைக்கச் சொன்னது உன் மகனாக இருக்கும், அது இயக்கம். ஆனால் திருகு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விரல் தடுமாறியதே, அது அவள் நடிப்பு. வில்லன் படம் முழுக்கக் கத்துகிறான். கத்தியது அவன் குற்றம், அடக்காமல் விட்டது உன் மகன் குற்றம் என்று இரண்டு இடத்திலும் எழுதினேன். விபத்தைக் காட்டாமல், கிரேன் கொக்கி மட்டும் வெறுமனே ஆடுவதைக் காட்டினான் பார், அங்கே நான் சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். இயக்கம் பிரமாதம். கதையில்தான் ஓட்டை. விபத்தைப் பார்த்த கேட்டு வாட்ச்மேன் வீடு முகத்துவாரக்குப்பத்தில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? யாரும் சொல்லவில்லை, நேராகப் போய்க் கதவைத் தட்டுகிறாள். அதையும் எழுதினேன். பலகை நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை காலை என் தோஸ்து பீம்ராவ் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“நடிப்பு நல்லாக்கீதுன்ற, கதை ஓட்டைன்ற, டைரக்சன் பிரமாதம்ன்ற. மூணு பேரையும் மூணு ஆட்டோல ஏத்தி அனுப்சிட்ட. நான் எதுல ஏறட்டும் மாமு?”

அப்போதுதான் உறைத்தது, முடிவை எழுதவே இல்லை! பலகை முன்னால் நின்ற ஜனம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டிப் பார்த்தேன், தீர்ப்பு வரவில்லை. பிறகு யோசித்தேன். இந்தப் படம் எதன் மேல் நிற்கிறது? துப்புத் துலக்கும் படமாக இருந்தால் அந்த ஓட்டையே அதை மூழ்கடித்திருக்கும். இது அந்தப் பெண்ணின் துக்கத்தின் மேல் நிற்கிற படம். ஓட்டை ஒரு நிமிஷம், அவள் முகம் இரண்டு மணி நேரம். உடனே பலகையின் அடியில் போட்டிருந்த என் பெயரை அழித்து, அந்த இடத்தில் “மொத்தத்தில்: அவசியம் பார்க்கலாம்” என்று எழுதினேன். மாலைக் காட்சிக்கு இருநூறு பேர், மலரு!

அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் போன் செய்தேன். நீயோ, “எம்புள்ள படத்துல ஓட்டைன்னு ஊருக்கே எழுதி வெச்சிக்கீறியே, நீயெல்லாம் ஒரு தாய்மாமனா?” என்று கேட்டு வைத்துவிட்டாய். தாய்மாமன் என்பதற்காக ஓட்டையை மறைத்திருந்தால், பிரமாதம் என்று நான் எழுதியதையும் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

உன் வீட்டில் அனல்மின் நிலையத்துக் கரித்தூள் குறையட்டும், சிரிப்பு கூடட்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்,
நீலமேகம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பீம்ராவ் பகல் காட்சிக்கு இழுத்துப்போனான். வாட்ச்மேன் ஒரு சீட்டில் தன் விலாசத்தை எழுதி அவள் கையிலேயே கொடுக்கிறான். கொடுக்கும்போது பீடி பற்றவைக்கிறான். உடனே திரையின் ஓரத்தில் புகை பிடிப்பது உயிரைக் கொல்லும் என்று எழுத்து வருகிறது. வெள்ளிக்கிழமை அதை நான் எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்து முடிப்பதற்குள் அவள் முகத்துவாரக்குப்பம் போய்விட்டாள். கதையில் ஓட்டையே இல்லை. மேலே அதைப் பற்றி எழுதியதை எல்லாம் நீயே அடித்துவிடு. பலகையிலும் அழிக்கத் துணியோடு போனேன். உன் மகன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். “அழிச்சிடாத மாமா, பாதி சனம் அந்த ஓட்டையத் தேடிக்கினுதான் வருது. வியாழக்கிழமை வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்.”