சளி மருந்துப் பெட்டியில் வந்த பாஸ்போர்ட்

அன்புள்ள மருந்துக்கடைத் தம்பிக்கு,

நான் நலம். உங்கள் வீட்டில் அனைவரும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் அங்கே யாரும் நலமாக இல்லை என்பதும், அதற்குக் காரணமான பொருள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது என்பதும் எனக்கே தெரியுமாதலால், அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

முதலில் நன்றி. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் வாசலில் ‘கனவு ஆலோசனை’ என்று பலகை மாட்டினேன். வருகிறவர்களிடம் எல்லாம், கனவு எதிர்காலத்தைச் சொல்லாது என்று சொல்லி அனுப்புவதால் யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. நீங்கள் மூன்று முறை வந்தீர்கள். என் உதாரணங்களைக் கொட்டாவி விடாமல் கேட்டீர்கள். என் வகுப்பில்கூட அப்படி ஒரு பையன் இருந்ததில்லை.

திங்கட்கிழமை கூரியரில் உங்கள் பெட்டி வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். மேலே சளி மருந்தின் படத்தைப் பார்த்த என் மனைவி, நான் போனில் இருமியதைக் கேட்டு நீங்கள் அனுப்பிய மருந்து என்று உருகிப்போய், கரண்டியும் கையுமாகப் பெட்டியைத் திறந்து, பஞ்சை விலக்கினால் உள்ளே உங்கள் மகளின் பாஸ்போர்ட். கூடவே உங்கள் சீட்டு: “சார், பாப்பா போற விமானம் கடல்ல விழுற மாதிரி கனவு கண்டேன்னு போன்ல சொன்னேன்ல. வெள்ளிக்கிழமை தாண்டுற வரைக்கும் இதை நீங்க வச்சிருங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க.” என் மனைவி குளியலறைக் கதவைத் தட்டி, “என்னங்க, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றாள்.

ஈரத் தலையைத் துவட்டுவதற்குள் உங்கள் வீட்டம்மாவின் போன். “சார், பாப்பாவோட பாஸ்போர்ட்டைக் காணோம். வெள்ளிக்கிழமை கிளம்பணும். ஆஸ்பத்திரியில அவளுக்கு நர்ஸ் வேலை போட்டு வச்சிருக்காங்க, போகலைன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்களாம். பாவம் இவரு, பீரோவை நகர்த்தித் தேடுறேன்னு கால்ல போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு.” தம்பி, தேடினால் கிடைக்காது என்று தெரிந்தே பீரோவை நகர்த்திய ஒரே ஆள் உலகத்திலேயே நீங்களாகத்தான் இருப்பீர்கள். கால் எப்படி இருக்கிறது? அதோடு உங்கள் வீட்டம்மா விடவில்லை. “சார், நீங்கதான் கனவெல்லாம் பாக்குறவராச்சே, அது எங்க இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்!” என்றார். பாஸ்போர்ட் என் இடது கையில் இருக்கிறது. பக்கத்தில் என் மனைவி, “சொல்லித் தொலைங்களேன்” என்று இடிக்கிறாள். உங்கள் சீட்டோ, “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்கிறது. “அது பத்திரமாத்தாம்மா இருக்கு, கவலைப்படாதீங்க” என்று உளறிவிட்டேன். உடனே அவர், “ஏய், சாருக்குத் தெரிஞ்சிருச்சுடி!” என்று மகளைப் பார்த்துக் கூவியது என் வீட்டுச் சுவர் வரை கேட்டது.

பார்த்தீர்களா, ஒரு தீர்க்கதரிசி எப்படி உருவாகிறான் என்று! ஏற்கெனவே கையில் இருந்ததைச் சொன்னேன், ஞானம் என்று நினைத்துக்கொண்டார்கள். கனவும் இதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் கடை அலமாரி சரியும் என்று கனவு கண்டீர்கள், மறு வாரம் சரிந்தது. அதைத்தானே எனக்குச் சாட்சியாகச் சொல்வீர்கள்? அந்த நடுப்பலகை வளைந்திருப்பதை நானே பார்த்தேன். டானிக் பாட்டில்களை அதில் அடுக்கும்போது உங்கள் கண்ணும் தினம் பார்த்திருக்கும். வியாபார மும்முரத்தில் நீங்கள் கவனிக்காததைத் தூக்கத்தில் மூளை எடுத்துப் போட்டுக் காட்டியது. அது பழைய செய்தி, தம்பி. விமானம் விஷயத்தில் உங்கள் கண் எதைப் பார்த்தது? டிக்கெட்டைப் பார்த்தது. மகள் பெட்டி அடுக்குவதைப் பார்த்தது. இன்னும் நடக்காத ஒன்றிலிருந்து செய்தி கிளம்பி உங்கள் தலைக்குள் வந்து சேர வழியே கிடையாது. உள்ளே இருந்ததெல்லாம் பயம். நினைவுத் துண்டுகளை ஒட்டி அந்தப் பயத்துக்கு ஒரு கதை கட்டிக் கொடுத்தது மூளை. கடல் எங்கிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் கனவு கண்ட அன்று விடிகாலையில் மாடித் தொட்டி நிரம்பி வழிந்ததாக நீங்களே சொன்னீர்கள். தூங்குகிறவன் காதில் விழும் சத்தம் சில சமயம் கனவுக்குள் நுழைந்துவிடும்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். முதல் நாள் போனில் நீங்கள் சொன்னது, “ஏதோ பெருசா, வெள்ளையா ஒண்ணு தண்ணியில விழுந்துச்சு சார்.” மறுநாள் அது விமானமாகிவிட்டது. அதற்கு அடுத்த போனில் மகள் ஜன்னலோரம் கையசைத்தாள். நீங்கள் பொய் சொல்லவில்லை. கனவு விழித்ததும் கலையத் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஓட்டைகளை நாம் அப்போதைய கவலையால் அடைக்கிறோம். அடுத்த நாளே தொட்டியில் ஒரு வெள்ளை வாளி விழுந்திருந்தால், “அப்பவே கனவுல வந்துச்சு” என்று அந்த வாளிக்கே பொருத்தியிருப்பீர்கள்.

“அப்ப மாமா வர்ற மாதிரி கனவு கண்டேன், வந்தாரே?” என்பீர்கள். ஒரு மருந்து நல்ல மருந்தா என்று பார்க்க, குணமானவர்களை மட்டும் எண்ணினால் போதுமா? குணமாகாதவர்களையும், மருந்தே சாப்பிடாமல் குணமானவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தவர் நீங்கள். மாமா கனவில் வந்தும் நேரில் வராத நாட்கள் எத்தனை? கனவில் வராமலே வந்து நின்ற நாட்கள் எத்தனை? ஒவ்வோர் இரவும் நாம் பல தடவை கனவு காண்கிறோம், பெரும்பாலும் மறந்துபோகிறோம். பொருந்தியது மட்டும் மனதில் தங்குகிறது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அடிக்கடி ஒரு கனவு: மணி அடித்துவிட்டது, வினாத்தாளைக் காணோம், எனக்குச் சட்டையும் இல்லை. அது பலிக்க வேண்டுமானால் முதலில் யாராவது எனக்குத் திரும்ப வேலை கொடுக்க வேண்டும்.

ஒரு விமானத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்! ஒவ்வொருவருக்கும் வீட்டில் கவலைப்பட ஒரு அப்பாவோ அம்மாவோ அத்தையோ இருக்கிறார்கள். பத்திரமாகத் தரையிறங்கும் விமானங்களெல்லாம் யாரோ ஒரு அப்பாவின் தூக்கத்தில் விழுந்த விமானங்கள்தான், தம்பி. அந்த அப்பாக்கள் மறுநாள் போனில், “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டுக் கனவை மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பாஸ்போர்ட்டை நீங்கள் கிழித்துப் போட்டிருக்கலாம். கனவை நம்பாத ஒரே ஆளிடம் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். ‘அவளைத் தடுக்க வேண்டாம்’ என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று உங்கள் பாதி மனது ஏங்கியிருக்கிறது. அந்தப் பாதிக்கு என் நன்றி. எனவே பாஸ்போர்ட்டை இத்துடன் அனுப்புகிறேன். பீரோவுக்குப் பின்னால் கிடந்தது என்று கதை விடாதீர்கள். “பயந்துட்டேம்மா” என்று சொல்லி உங்கள் கையாலேயே கொடுங்கள். திட்டுவாள். பிறகு கட்டிக்கொள்வாள்.

பாப்பா போகிற இடத்தில் நோயாளிகள் அவளை வாழ்த்தட்டும். உங்கள் கால் வீக்கம் வற்றட்டும். உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பு.

என்றும் உங்கள்,
கனவு சார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் சற்றுக் கண் அயர்ந்தேன். கூரியர்காரரின் பை பாலத்திலிருந்து ஆற்றில் விழுவது போல ஒரு கனவு. அவர் நேற்று ஜிப் அறுந்த பையோடு வந்ததை நான் பார்த்தேன். காரணமெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் உறைக்குள் வைத்திருந்த பாஸ்போர்ட்டை வெளியே எடுத்துவிட்டேன். கடிதம் மட்டும் கூரியரில் வரும். பாஸ்போர்ட் நாளை மாலை எங்களோடு பஸ்ஸில் வரும். “ஊருக்கெல்லாம் சொல்றீங்க, உங்களுக்கு இல்லையா?” என்று என் மனைவி அரை மணி நேரம் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, பஸ்ஸில் கடைசி சீட் மட்டும் வேண்டாம் என்கிறாள். ஏன் என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஒரு கனவு” என்கிறாள்.