பட்டாணிக்கு இடம், அவள் அப்பாவுக்கு ஆறுதல்

மதிப்பிற்குரிய பெற்றோர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமென்று நம்புகிறோம். எங்கள் மழலையர் பள்ளியின் முதல் எழுத்து நாளுக்கு வந்து சிறப்பித்தமைக்கு நன்றி. தங்கள் மகள் பட்டாணிக்கு (சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொன்னால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை) வரும் பருவத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இதுவரை எழுதியது பள்ளித் தலைமையாசிரியை. இனி எழுதுவது உன் அக்கா. அன்று சேர்க்கை உறையை நீட்டி வாசல்வரை வந்து கூப்பிட்டேன், காது கேட்காதவன் மாதிரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். போன் செய்தால் எடுப்பதில்லை. உன் மனைவியைக் கேட்டால், "அவருதான் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்றாரு அண்ணி, எனக்கு அடுத்த மாசம் மருந்துக்கடைல வேலைல சேரணும், என்ன பண்றதுன்னே தெரியல" என்கிறாள். அதனால் கடிதம். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

தம்பி, நீ தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன். ஊரே எதிர்ப்பக்கம் ஓடும்போது எரியும் கட்டடத்தைப் பார்த்து வண்டியை விடுகிறவன். அப்படிப்பட்டவன் எங்கள் முதல் எழுத்து நாள் அறிவிப்பைப் படித்து நடுங்கினாயே, அதில் என்னதான் இருந்தது? மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், அன்றைக்கு வருகிறவர்களுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது, அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டியதில்லை, பத்து நாள் இடத்தை வைத்திருப்போம், குழந்தை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அழுதாலும் பரவாயில்லை. இவ்வளவுதான். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டாய். "பரவாயில்லன்னு போட்டிருக்கீங்களேக்கா, அப்போ பரவாயில்லாதது ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாய். இருபத்திரண்டு வருடமாகப் பெற்றோர்களைப் பார்க்கிறேன், இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் பதினைந்து நாள் நீ அவளுக்குப் பயிற்சி கொடுத்த கதையெல்லாம் உன் மனைவி சொன்னாள். தரையெல்லாம் சாக்பீஸால் அ. குளியலறைக் கதவில் அ. அவளுக்கு அ வரவில்லை, ஆனால் பொம்மையை உட்காரவைத்து, "அ போடு, அ போட்டாத்தான் பால்" என்று மிரட்டக் கற்றுக்கொண்டாள். தம்பி, மூன்று வயதுக் கைக்கு அ பெரிய வேலை. உள்ளே சுழித்து, வளைத்து, குறுக்கே இழுத்து, கடைசியில் நேராக ஒரு கோடு. அந்த விரல்களுக்கு இன்னும் சட்டைப் பொத்தானே போடத் தெரியாது. நாங்களே முதலில் படுக்கைக் கோடு, நிற்கிற கோடு, பிறகு ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில்தான் தொடங்குவோம். பென்சிலும் கிடையாது, மணல் தட்டில் ஆள்காட்டி விரல்தான். பிடிக்காவிட்டால் தட்டைக் குலுக்கினால் அழிந்துவிடும், தப்பென்று ஒன்று மிஞ்சாது. இதைப் போனில் நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் "சரிக்கா, பென்சில் எச்பியா டூபியா?" என்று கேட்டாய்.

அன்று காலை நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் என் பார்வையில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். இரவுப் பணி முடிந்து சீருடையோடு வந்தாய். கனத்த பூட்ஸை வாசலில் கழற்றினாய், காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. மூன்று தட்டு, ஏழு குழந்தைகள். பட்டாணியின் முறை வந்ததும் அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எங்கள் டீச்சர் மணலில் தானே ஒரு கோடு போட்டு, சும்மா காத்திருந்தாள். அதுதான் முறை, அரை நிமிடம் காத்திருந்தால் பாதிக் குழந்தைகள் விரலை நீட்டும். நீ காத்திருந்தாயா? "போடும்மா, வீட்ல போட்டியே, அ போடு" என்று மேலே கவிழ்ந்தாய். "சார், இது பரீட்சை இல்ல" என்றாள் டீச்சர். "தெரியும் மேடம்" என்று சொல்லிக்கொண்டே உன் விரலால் நீயே ஒரு அ எழுதிக் காட்டினாய், அதுவும் கடைசிக் கோட்டிலிருந்து பின்னோக்கி. டீச்சர் உன்னைத் திருத்தவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் தவித்தாள். அப்போதுதான் உன் முழங்கை தட்டில் பட்டு, மணல் முழுக்கத் தரையிலும் பக்கத்துப் பெண்குழந்தையின் மடியிலும் கொட்டியது. அவள் அழ, அவளைப் பார்த்து அடுத்தது அழ, அரை நிமிடத்தில் ஆறு குழந்தைகள் அழுதன. நான் வேறு வழியில்லாமல், "டேய், நீ கொஞ்சம் வெளிய போ" என்றேன். தலைமையாசிரியை ஒரு பெற்றோரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.

நீயும் உன் மனைவியும் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தபோது இங்கே நடந்ததை யாரும் உனக்குச் சொல்லவில்லை. ஏழு பேரில் அழாதது பட்டாணி ஒருத்திதான். கொட்டின மணலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். உள்ளங்கையால் பரப்பினாள். ஆள்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள், கையை எடுக்காமல் அப்படியே வலப்பக்கம் இழுத்தாள். அச்சடித்த மாதிரி ஒரு ட. டீச்சர் மூச்சுவிடாமல், "இது என்னடா கண்ணு?" என்றாள். "அப்பா பூட்ஸ்" என்றாள் உன் மகள். பக்கத்துக் குழந்தை அழுகையை நிறுத்தி, "இன்னொரு காலுக்கு?" என்று கேட்டது. அதற்கும் ஒன்று போட்டாள். பிறகு மற்ற ஆறும் குந்திக்கொண்டு ஆளுக்கொரு பூட்ஸ் போட்டன. சிலது ட, சிலது மண்புழு. நீ உள்ளே வருவதற்குள் ஆயாம்மா பெருக்கிவிட்டார், அதுதான் என் வருத்தம். நீ பார்த்ததெல்லாம் வெறும் தரை, முகமெல்லாம் மணலோடு உன் பெண். அவளுக்கு இந்த இடம் ஒத்துவரவில்லை என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய்.

இன்னொன்று. நீ நிரப்பின படிவம் என் முன்னால் இருக்கிறது. 'குழந்தைக்கு எதைக் கண்டால் பயம்?' என்ற இடத்தில், 'புது ஆட்கள், தனியாக விடப்படுவது, யாராவது கேலி செய்வது' என்று எழுதியிருக்கிறாய். கூடப் பிறந்தவள் நான், எனக்குத் தெரியாதா இது யாருடைய பட்டியல் என்று? பட்டாணிக்கு மிக்சி சத்தம் மட்டும்தான் பயம் என்று உன் மனைவி சொன்னாள். அதை மட்டும் எழுதி மற்றதை அடித்துவிட்டேன்.

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் வா. பிறப்புச் சான்றிதழ் நகல், தடுப்பூசி அட்டை நகல், அவள் புகைப்படம் நான்கு, அழைத்துப்போக வருகிறவர்கள் இருவரின் படம். அந்த இருவரைத் தவிர யார் வந்தாலும், நானே வந்தாலும், பிள்ளையை விடமாட்டார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், நீ கூடவே ஓரமாக உட்காரலாம். இரண்டாம் நாள் நீ பக்கத்து அறையில். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம். அவள் பார்க்காதபோது நழுவிப் போகாதே, சொல்லிவிட்டுப் போ. 'பதினொன்றரைக்கு வருவேன்' என்றால் அவளுக்குப் புரியாது. 'நீ பழம் தின்னு முடிச்சதும் வருவேன்' என்று சொல், சொன்னபடி வா. அழுதால் ஐந்து நிமிடம் அழுவாள், நாங்கள் மடியில் வைத்துக்கொள்வோம். நீ மட்டும் வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்காதே. பெற்றோர் போகாமல் நின்றால், இங்கே ஏதோ ஆபத்து இருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். நம்பி விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நட. அதுதான் அவளுக்கு நீ கொடுக்கிற தைரியம்.

பட்டாணி பல்லாண்டு நன்றாக இருக்கட்டும், அவள் அப்பாவுக்குத் தூக்கம் வரட்டும், என் தம்பி மனைவி குறித்த நாளில் வேலையில் சேரட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியையும் உன் அக்காவும்

பின்குறிப்பு: கடிதத்தில் பள்ளி முத்திரை இல்லையே என்று தேடாதே. என் மகனைக் கல்லூரி விடுதியில் விட்டு இன்றோடு நான்கு நாள் ஆகிறது. விடுதி வாசலுக்கு எதிரே காரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவன் இரண்டு முறை வெளியே வந்து, "அம்மா, ப்ளீஸ், வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் போனான். காரிலேயே எவ்வளவு நேரம் இருப்பேன் என்று காவலாளி வாசலில் எனக்கு நாற்காலியே போட்டுக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நீ வரும்போது, இந்த வழியாக வந்து என்னையும் அழைத்துக்கொண்டு போ.