மேசன் தோளில் போன மாப்பிள்ளை

நாட்டு நிலைமை சரியில்லாத காலத்தில் என் நிலைமை மிக நன்றாக இருந்தது என்று சொன்னால் யாரும் அடிக்க வரக்கூடாது. ஊரில் எல்லோரையும் போல நானும் பயந்தேன், ஓடினேன், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று வீட்டையும் இழந்தேன். அதெல்லாம் வேறு கதை. நான் சொல்வது ஒரேயொரு வசதியைப் பற்றி. "மகனுக்கு எப்ப கலியாணம்?" என்று யாராவது கேட்டால், "கடல் கொண்டு போன ஊட்டக் கட்டி முடிப்பமே" என்பார் உம்மா. வீடு முடிந்ததும், "நாட்டு நிலைமை கொஞ்சம் சரிவரட்டுமே" என்பார். "படிச்ச புள்ள, இன்னும் உத்தியோகமில்லையா?" என்றாலும் அதே பதில்தான். இந்த இரண்டு பெரிய சாட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, டியூஷன் வகுப்பில் வரலாறு படிப்பித்தேன். பின்னேரங்களில் கடற்கரையில் கிரிக்கெட் விளையாடினேன்.

பிறகு யுத்தம் முடிந்தது. ஊர் பெருமூச்சு விட்டது. எனக்கோ மூச்சே வரவில்லை, ஏனென்றால் கடைசிச் சாட்டும் கையை விட்டுப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். பெண்ணுக்கு ஒரு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டில் போய்க் குடியேற வேண்டும். யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் கொங்கிறீட் கலவைச் சத்தம் ஓயவில்லை. எங்கே பார்த்தாலும் பெண்பிள்ளைகளுக்கு மேல்மாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மேல்மாடியும் என்னை நோக்கித்தான் எழும்புகிறது என்று எனக்குத் தோன்றியது. (அவ்வளவு பெரிய ஆள் என்ற நினைப்பு!)

வீட்டில் இரண்டு கட்சி. உம்மாவின் கட்சி, அரசாங்க உத்தியோகமும் கலியாணமும். மச்சானின் கட்சி, கட்டார் நாட்டு வேலை. மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின் மாப்பிள்ளை. அவர் கட்டாரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அங்கே வெயில் தாங்காமல்தான் வந்தார், ஆனால் எனக்கு மட்டும் அந்த வெயில் ஒத்துக்கொள்ளும் என்று உறுதியாக நம்பினார். காலையில் உம்மா, "இவன்ட வயசுப் பொடியன்மாருக்கு ரெண்டு புள்ள" என்பார். மத்தியானம் மச்சான், "விசா ரெடி. நீ ஓம் எண்டு சொன்னாப் போதும்" என்பார். நான் இரண்டு பேரிடமும் "ஓம்" என்றேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தந்திரம்.

உடம்புக்கு அந்தத் தந்திரம் பிடிக்கவில்லை. விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னமே முழிப்பு வந்துவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். சோறு இறங்காது. கலியாண வீடு என்றால் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வேன். போகப்போக அது பொய்யில்லாமலே வலிக்கத் தொடங்கியது. கேள்வி கேட்கிறவர்களைத் தவிர்க்கப் பிரதான வீதியை விட்டு ஒழுங்கைகளால் போனேன். ஒழுங்கையிலும் மாமிமார் இருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஒரு ஹாஜியார் தன் இளைய மகள் சுமையாவுக்கு என்னைக் கேட்டு வந்தார். நல்ல மனிதர், அரிசி ஆலை வைத்திருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகத்தில் இருக்க வேண்டும். உம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை.

"நியமனம் வந்த மாதிரித்தான் ஹாஜியார். கடிதம் கொழும்புல இருந்து வெளிக்கிட்டிட்டு."

எந்தக் கடிதமும் வெளிக்கிடவில்லை. நான் விண்ணப்பித்திருந்தேன், அவ்வளவுதான். அறைக்குள் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த நான் வெளியே வந்து, "இல்ல ஹாஜியார், அப்படி ஒண்டும் வரல்ல" என்று சொல்லியிருக்கலாம். நான் வெளியே வந்து ஸலாம் சொன்னேன். ஒரு வட்டிலப்பத் துண்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீடு பார்க்கப் போனோம். வழக்கமாகப் பெண்கள்தான் போவார்கள். ஆனால் மேல்மாடிக்குத் தளம் மட்டுமே போட்டிருந்ததால், அறை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மாப்பிள்ளையிடமே கேட்க வேண்டும் என்றார் ஹாஜியார். படி இன்னும் கட்டவில்லை. மர ஏணியில் ஏறினோம். ஹாஜியார், மச்சான், நான். மேலே மேசன்மார் மூவர் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உம்மா கீழே பெண்களோடு இருந்தார்.

"இதான் உங்கட அறை. கடற்காத்து நேராக வரும்" என்றார் ஹாஜியார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் மச்சான், எனக்குப் பதிலாக.

"அடுத்த மாசம் நிக்காஹ்வ வெச்சிருவம். நியமனக் கடிதம் எப்பயாம் வருது?" என்று கேட்டார் ஹாஜியார்.

மூன்று மேசன்மாரும் வேலையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதிலாக மூச்சு உள்ளே போனது. பிறகு இன்னொரு மூச்சு. வெளியே வர ஒன்றுமே இல்லை, எல்லாம் உள்ளேதான் போனது. நெஞ்சை யாரோ அழுத்தினார்கள். விரல்கள் விறைத்தன. வாயைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. தளம் ஆடியது. (ஆடவில்லை. ஹாஜியார் கம்பி தாராளமாகப் போட்டிருந்தார்.) நான் மௌத்தாகிறேன், உயிர் போகிறது என்று எனக்கு நூறு வீதம் விளங்கிவிட்டது. இனி நியமனக் கடிதம் தேவையில்லை என்ற ஒரு சின்ன ஆறுதலும் கூடவே வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"நெஞ்சு…" என்றேன்.

"ஹார்ட் அட்டாக்!" என்று மச்சான் போட்ட சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும். கீழே உம்மா, "என்ட மகனே!" என்று வைத்த ஒப்பாரிக்கு ஒழுங்கை முழுக்கக் கூடிவிட்டது. மூத்த மேசன் என் காதருகே குனிந்து, உயிர் பிரிகிறவருக்குச் சொல்வதுபோல் மிக அன்பாக, "கலிமாவச் சொல்லுங்க மகன்" என்றார். அதுவரைக்கும் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாவது இருந்தது.

ஏணியால் என்னை எப்படி இறக்குவது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் இன்னொரு மேசன் எதுவும் பேசாமல் என்னைச் சீமெந்து மூட்டை போலத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார். கால்கள் அவர் முன்னால், தலை அவர் முதுகில். கீழே வாசலில் கையில் சர்பத் கிளாஸோடு ஒரு பெண் வாயைப் பிளந்தபடி நின்றார். சுமையாவை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான், தலைகீழாக. பிறகு மணல் ஏற்றி வந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மிச்ச மணலின் மேல் என்னைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பஸ்கள் எல்லாம் வழிவிட்டன.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் என் வயதுப் பெண், பக்கத்து ஊரான காரைதீவுக்காரி. ஈசிஜி எடுத்தார், இரத்தம் சோதித்தார், என் தலைமுடியிலிருந்த சீமெந்தைத் தட்டிவிட்டார்.

"நெஞ்சுல ஒரு பிழையும் இல்ல. இது கடுமையான பதற்றம். பயம் கூடினா உடம்பு ஓடுறதுக்கு ஆயத்தமாகும். நெஞ்சு வேகமா அடிக்கும், மூச்சு கூடும். மூச்சக் கூட இழுத்தா விரல் விறைக்கும், வாயச் சுத்தி ஊரும். மௌத்தாக மாட்டீங்க. கொஞ்ச நேரத்துல தன்பாட்டுல இறங்கிடும்."

"இன்னும் இறங்கல்ல டொக்டர்."

"இழுக்காதீங்க, விடுங்க. சுடு தேத்தண்ணிய ஊதுற மாதிரி மெதுவா வெளிய விடுங்க. இழுக்கிறத விட விடுறது நீளமா இருக்கோணும்."

ஊதினேன். அரைக் கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் விரல்கள் திரும்பி வந்தன. பிறகு அவர் கேட்டவையெல்லாம் நேரான கேள்விகள்: நித்திரை எப்படி, எவ்வளவு காலமாக இப்படி, எங்கே போகாமல் ஒளிகிறீர்கள், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றேன், அது உண்மை. மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதங்களில் நான் "ஓம்" தவிர வேறு சொல் பேசியது அங்கேதான்.

"வீட்டுக்காரங்களுக்கு நான் இதச் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டார்.

"நீங்களே எல்லாத்தையும் சொல்லிடுங்களன்."

"உடம்புக்கு என்ன வருத்தம் எண்டு நான் சொல்றன். என்ன வேணும் எண்டு நீங்கதான் சொல்லோணும். ஒண்ணா, வேணாம் எண்டு சண்டை பிடிக்கத் தேவல்ல. இப்ப ஏலாது, எப்ப ஏலும் எண்டு சொல்லுங்க." குரலைத் தாழ்த்தி, "எங்கட அம்மாவும் எப்ப கலியாணம் எண்டு கேக்கிறவதான்" என்றார்.

வெளியே வாங்கில் உம்மா, மச்சான், ஹாஜியார் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். உம்மாவின் கையில் தஸ்பீஹ் மணி ஓடிக்கொண்டிருந்தது. டொக்டர் சொல்லி முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நீள மூச்சை விட்டேன்.

"ஹாஜியார், எனக்கு நியமனம் வரல்ல. எப்ப வரும் எண்டும் தெரியா. கட்டாருக்குப் போகவும் எனக்கு விருப்பமில்ல மச்சான். கலியாணம் ஒண்ணா எண்டு நான் சொல்லல்ல. ரெண்டு வருஷம் வேணும்."

உம்மா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டார். ஹாஜியார் எழும்பினார்.

"இத ஏணில ஏற முந்திச் சொல்லியிருந்தா, லாண்ட்மாஸ்டருக்கு எண்ணெய் மிச்சம்" என்று சொல்லிவிட்டு, ஸலாம் கூடச் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஊரில் என் பெயர் "ஹார்ட் மாப்பிள்ளை" என்றாயிற்று. அதனால் யாரும் கேட்டு வரவில்லை, அது அல்லாஹ் தந்த தனி பரக்கத். நான் கிளினிக்குக்குப் போனேன், ஒழுங்கைகளை விட்டு வீதிக்கு வந்தேன், கலியாண வீடுகளுக்கு வேண்டுமென்றே போய்ப் பதறிப் பதறி நெய்ச்சோறு சாப்பிட்டேன். உம்மாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். உத்தியோகம், கலியாணம் பற்றிய கேள்விகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மட்டும். என்ன செய்தேன், எங்கே விண்ணப்பித்தேன் என்று நானும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உம்மா கிழமை முழுவதும் கேள்விகளைச் சேர்த்து வைத்து, நான் தொப்பியைக் கழற்ற முன்னமே தொடங்கிவிடுவார். ஆனால் மற்ற நாட்களில் வாய் திறக்கவில்லை. புதன்கிழமை ஒருநாள் கேட்க வந்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடியதை என் கண்ணால் கண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஹாஜியார் வந்தார்.

"இவள் சுமையா, படிச்சு முடிக்கிற வரைக்கும் கலியாணம் ஒண்ணா எண்டு இரிக்காள். இவ்வளவு நாளும் பயத்துல சொல்லல்லயாம். தோள்ல போன ஆளே சொல்லிட்டாரு, எனக்கு என்ன எண்டு கேக்காள்." என் பக்கம் திரும்பி, "ரெண்டு வருஷம் எண்டா ரெண்டு வருஷம்தானே? அதுக்கு மேல கூடாதே?" என்றார்.

அந்த இரண்டு வருஷத்துக்குள் அவர் படியும் கட்டினார். பட்டதாரிகளுக்கு நியமனம் வந்தது. நிக்காஹ் அன்று என்னைத் தூக்கிய மேசன் முன் வரிசையில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் சொல்லுங்கள் என்று தோளைத் தட்டிக் காட்டினார்.

இப்போது எங்கள் மகள் ஏழாம் வகுப்பு. போன பெருநாளுக்கு வந்த ஓர் உறவுக்கார மாமி, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "டொக்டருக்கா மகள் படிக்கிறீங்க? எஞ்சினியருக்கா?" என்று கேட்டார். பிள்ளை திருதிருவென்று முழித்தது. உம்மா குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வெளியே வந்தார்.

"அந்தப் புள்ளைய விடு. நான் கேட்டுக் கேட்டுத்தான் இதுட வாப்பாவ மணல் பெட்டில போட்டுக்கொண்டு ஓடின. எனக்கு வயசு போயிட்டு, இன்னொருக்கா ஓட ஏலா."